சரிந்த இமைக்கு டேப்பா, கத்தியா?

அன்புள்ள கோமதிக்கு,

ஆவணியில் உன் மகளின் திருமணம் என்றறிந்து மகிழ்ந்தேன். சரிந்திருக்கும் உன் இமைக்கு, தோலைத் தூக்கிப் பிடிக்க ஒட்டும் டேப் போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பாளையங்கோட்டையில் நெடுநாளாக மணப்பெண் அலங்காரம் செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், சரிந்திருப்பது தோலா, இமையின் விளிம்பா என்று பார்த்துக்கொள். கண்ணாடியை நேராகப் பார்த்தபடி, புருவத்தைத் தூக்காமல், தொங்கும் தோலை மட்டும் பஞ்சுக் குச்சியால் மெல்ல மேலே ஒதுக்கு. அப்போது இமை விளிம்பு கண்மணிக்கு நன்றாக மேலே நின்றால் குறை தோலில்தான் உள்ளது; அதை டேப் தாங்கிக்கொள்ளும். அப்போதும் விளிம்பு கண்மணியை மறைத்தால், இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கலாம். அதற்கு டேப் உதவாது, கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். திடீரென ஒரு கண் சரிந்து, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

டேப்பை க்ரீமும் எண்ணெயும் படாத, நன்கு உலர்ந்த இமையில், மேக்கப்புக்கு முன்பே ஒட்ட வேண்டும். கண் அகலத்தைவிடச் சற்றுக் குட்டையாக நறுக்கி, இப்போது மடிப்பு விழும் இடத்துக்குச் சிறிது மேலே வைத்து, கூடவே வரும் சின்னக் கவைக்குச்சியால் அழுத்து. பிறகு கண்ணை மெல்ல மூடிப் பார். வெள்ளை விழி தெரிந்தால் டேப் மிகவும் மேலே ஏறிவிட்டது, விழி வறண்டு உறுத்தும். நம்மூர் வெக்கையில் முகூர்த்தம் முடிவதற்குள் வியர்வையில் ஓரம் கிளம்பும் என்பதால் மாற்று டேப் கைவசம் இருக்கட்டும். கழற்றும்போது இழுக்காதே, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து எடு.

ஐ ஷேடோவைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே இடு. மூடிய இமையில் அழகாக இட்ட நிறம், திறந்ததும் மடிப்புக்குள் ஒளிந்துவிடும். மினுக்கில்லாத பழுப்பு நிறத்தை மடிப்புக்கு மேலே தெரியும்படி பரப்பி, லைனரை இமைமுடியோரம் மெல்லிய கோடாக நிறுத்து. மடிப்பே இல்லாத ஒற்றை இமைக்கு, முடியோரம் அடர்த்தியாகத் தொடங்கி மேலே மங்கவிட்டால் போதும். அது குறையன்று, அதற்காகக் கத்தி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

என் மதினியின் கதை வேறு. நாள் முழுவதும் புருவத்தைத் தூக்கியே பார்த்து, மாலையில் நெற்றி வலி என்பார். மருத்துவமனையில் பார்வைப் பரப்புச் சோதனையை இமையை அப்படியே விட்டு ஒரு முறையும், டேப்பால் தூக்கி ஒட்டி ஒரு முறையும் செய்தார்கள். ஒட்டியபோது மேல்புறப் பார்வை திறந்துகொண்டது. அலங்காரத்துக்கு நான் ஒட்டும் டேப், அங்கே அறுவை சிகிச்சைக்கு நியாயம் சொன்னது! மரத்துப்போக ஊசி போட்டு, மிகுதித் தோலை வெட்டித் தைத்தார்கள்; ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள், வீக்கமும் கன்றலும் அடங்க இன்னும் சில நாள்கள் ஆயின. தோலை அதிகம் எடுத்துவிட்டால் கண் முழுதாக மூடாது என்பதால், கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து விடும் நீ அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எதுவானாலும் திருமணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது கத்தி வேண்டாம். இப்போதைக்கு டேப்பை வீட்டிலேயே ஒட்டிப் பழகு. தோல் சிவந்து அரித்தால் உடனே நிறுத்திவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
செண்பகம்