முன்பல் சந்து

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய நிச்சயதார்த்தப் புடவைப் படங்கள் வந்தன. பதினோரு படங்களிலும் வாயை மூடிக்கொண்டே சிரித்திருக்கிறாய். உதடுகளை இறுக்கியதில் மேலுதடு கோடாக மெலிந்து, கன்னம் இரண்டும் விறைத்துப்போயிருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்னால் முன்பற்களுக்கு நடுவிலுள்ள சந்தை அடைத்துவிடலாமா என்று கீழே ஒரு வரி கேட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருடம் பல் மருத்துவரின் பக்கத்தில் உதவியாளராக நின்றவள் என்பதால் இதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில், சந்து எதனால் வந்தது என்று தெரிய வேண்டும். ஏழெட்டு வயதில் பல குழந்தைகளுக்கு முன்பற்கள் விலகித்தான் இருக்கும். பன்னிரண்டு வயதுவாக்கில் கோரைப்பற்கள் இறங்கும்போது அவை நெருங்கிவிடும். உனக்கு நெருங்கவில்லை. உன் அப்பத்தாவுக்கும் அப்படியே இருந்தது. கண்ணாடி முன் நின்று மேலுதட்டைத் தூக்கி முன்னால் இழுத்துப் பார். உதட்டின் உட்பக்கத்திலிருந்து ஈறுக்கு நாண் போல ஒரு மெல்லிய சதை மடிப்பு போகும். இழுக்கும்போது இரண்டு பற்களுக்கும் நடுவிலுள்ள ஈறு வெளுத்தால், அந்த நாண் கீழே வரை இறங்கிப் பற்களுக்கு இடையில் நுழைந்திருக்கிறது என்று பொருள். பற்களுக்கு மேலே எலும்புக்குள் கூடுதல் பல் ஏதேனும் மறைந்திருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல். சந்து முன்பிருந்த அளவிலேயே இருக்கிறதா, இந்த ஓரிரு வருடங்களில் அகன்றிருக்கிறதா? அகன்றிருந்தாலோ, பல் துலக்கும்போது ரத்தம் வந்தாலோ, அழகுக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு ஈறைக் காட்ட வேண்டும். ஈறு நோயில் எலும்பு கரையும்போது பற்கள் விலகுவது உண்டு. அந்த நேரத்தில் சந்தை மட்டும் அடைப்பது நோயை மூடி மறைப்பதாகும்.

அளவும் முக்கியம். நீ போன வருடம் வந்தபோது உன் சந்து இரண்டரை மில்லிமீட்டர் இருந்தது. பல் நிறப் பசையை இரு பக்கமும் பூசி ஒரே நாளில் அடைத்துவிடலாம் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். முடியும்தான். ஆனால் கணக்கைப் பார். உன் முன்பல் எட்டரை மில்லிமீட்டர் அகலம், பத்தரை மில்லிமீட்டர் உயரம். பக்கத்துக்கு ஒன்றேகால் சேர்த்தால் அகலம் ஒன்பதே முக்கால் ஆகிவிடும். உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் அகலம் இருந்தால்தான் முன்பல் பார்க்க இயல்பாக இருக்கும். உனக்கு ஏறக்குறைய சதுரமாகிவிடும். மேலும் காபி, டீ கறை அந்தப் பசையில் ஏறும். சில வருடங்களில் ஓரம் உடையும். மறுபடி பூச வேண்டும். ஒரு மில்லிமீட்டர் சந்தாக இருந்தால் நானே சரி என்றிருப்பேன். பல்லைச் சீவி மேலே ஓடு ஒட்டும் முறைக்கு மட்டும் சம்மதிக்காதே. சீவிய எனாமல் திரும்ப வளராது.

கம்பி போட்டோ, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் போட்டோ நகர்த்துவதுதான் உனக்குப் பொருந்தும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நகர்த்திய பற்கள் பழைய இடத்துக்குப் போகவே பார்க்கும், சந்துப்பற்கள் இன்னும் அதிகம். அதனால் பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டிவிடுவார்கள். அது வருடக்கணக்கில் இருக்கும். நாண் இறங்கியிருந்தால், பற்களைச் சேர்த்த பிறகு அதை வெட்டிவிடுவது வழக்கம். தை மாதக் கல்யாணத்துக்குள் இதெல்லாம் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை.

பற்களைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டி வீட்டிலேயே சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வளையம் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும், வெளியில் தெரியாது. வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரித்துவிடும். அப்படி இரண்டு முன்பற்களும் ஆடிய ஒரு பெண்ணுக்கு நான் வாயில் பஞ்சு வைத்திருக்கிறேன். அவளுக்கு வயது பதினாறு.

இப்போதைக்கு உதட்டைப் பார்ப்போம். அந்த அடர் மெரூன் வேண்டாம். இருண்ட நிறத்துக்குப் பக்கத்தில் பல் பளிச்சென்றும் சந்து கறுப்பாகவும் தெரிகிறது. உன் உதட்டு நிறத்துக்கு ஒரு படி மேலான ரோஜா நிறம், அல்லது நீலச் சாயல் கொண்ட சிவப்பு எடு. செங்கல் நிறம் பல்லை மஞ்சளாக்கும். முதலில் வாசலின் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்துவிடு. பென்சிலால் ஓரம் வரைந்து, சாயம் பூசி, டிஷ்யூவில் ஒற்றி எடு. பிறகு சுத்தமான விரலை வாய்க்குள் வைத்து உதடுகளை மூடி மெதுவாக வெளியே இழு. பல்லில் ஒட்டவிருந்த சாயம் விரலோடு வந்துவிடும். மேலுதட்டின் நடுவில் பளபளப்பு வைக்காதே, கண் நேராக அங்கேதான் போகும்.

சிரிக்கும்போது நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் லேசாக வை, பல்லைத் தள்ளாமல். சந்து இருட்டாகத் தெரியாது. அமெரிக்க மாடல் லாரன் ஹட்டன் முதலில் தன் சந்தை மெழுகு வைத்து அடைத்தார். பிறகு விட்டுவிட்டார். 1973-இல் ரெவ்லான் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தபோது அந்தச் சந்து இருந்தது.

எனக்கு உன் சந்து பிடிக்கும். ஏழு வயதில் அதன் வழியாக நீ விசில் அடித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் வாய் உன்னுடையது. கல்யாணம் முடிந்தபின் வேண்டுமென்றால் பல் சீரமைப்பு நிபுணரிடம் நானே கூட வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூப்பிடுவேன். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து உதட்டைத் தூக்கிக் காட்டு, ஈறு வெளுக்கிறதா என்று இருவரும் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா