நாயையும் குழந்தைகளையும் மாலையில் வெளியே கூட்டிப் போகிறவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மாலை 4 மணிக்கு நம் பிளாக்கில் இருக்கும் நாய் ஒன்று கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில் கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றது. செருப்பு போட்டிருந்த நமக்கு ஒன்றும் தெரியவில்லை.

காற்று 35 டிகிரி என்று போன் காட்டினாலும், வெயில் பட்ட தார் 55 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஒரு நிமிடம் நின்றாலே தோல் வெந்துவிடும். கறுப்புத் தார் பகலெல்லாம் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் வெயில் சாய்ந்த பிறகும் சட்டென்று ஆறாது.

கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் அழுத்தி 7 வினாடி வையுங்கள். தாங்கவில்லை என்றால் நாய்க்கும் வேண்டாம், வெறுங்கால் பிள்ளைக்கும் வேண்டாம். நடக்கப்போகிற இடத்திலேயே வைத்துப் பாருங்கள். போர்டிகோ நிழலில் வைத்துப் பார்ப்பது கணக்கில்லை. பீச்சிலும் இப்படித்தான். அலையோர ஈரமணல் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அங்கே போக உலர்ந்த மணலைத் தாண்டியாக வேண்டும். குழந்தைக்குச் செருப்பைக் கழற்றாதீர்கள், நாய்க்குட்டியைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

நாய் நொண்டினாலோ பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ அடிப்பாதத்தைப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால் குழாய்த் தண்ணீரைக் காட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குழந்தையின் காலுக்கு 20 நிமிடம் தண்ணீர் ஓடட்டும். ஐஸ், பேஸ்ட் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.