ஸ்பீக்கர் வாங்குமுன் அரங்கை அளந்து பாருங்கள்: மன்ற நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

பட்டிமன்றப் பேச்சு பின்வரிசைக்குப் புரியவில்லை என்பதால், நம் முலுண்டு அரங்குக்கு இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கப் போவதாக அறிகிறோம். தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கள். சத்தத்தைக் கூட்டினால், சுவர்களில் பட்டுத் திரும்பத் திரும்ப வரும் எதிர்முழக்கமும் சேர்ந்தே கூடும்.

எதிர்முழக்க நேரம் என்பது, ஒலி நின்றபின் அது 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரம். மேடையில் பேச்சாளர் நிற்கும் இடத்தில் பெரிய பலூனை உடைத்து, இருக்கைகளுக்கிடையே 1.2 மீட்டர் உயரத்தில் மைக் வைத்துப் பல இடங்களில் பதிய வேண்டும். 60 டெசிபல் சரிவு முழுவதும் தெளிவாகக் கிடைப்பது அரிது. அதனால் 5 முதல் 25 டெசிபல் வரை சரிந்த நேரத்தை எடுத்து மூன்றால் பெருக்குவார்கள். மின்விசிறி ஓடினாலோ லோக்கல் ரயில் கடந்தாலோ சரிவுக்கோடு பாதியில் தட்டையாகிவிடும். அந்தப் பதிவு செல்லாது. ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் செல்போன் பதிவையும் நம்பாதீர்கள்.

நம் அரங்கு 20 மீட்டர் நீளம், 12 அகலம், 6 உயரம்; கொள்ளளவு 1440 கன மீட்டர். ஆளில்லாதபோது எதிர்முழக்க நேரம் நடு அதிர்வெண்களில் 2.4 வினாடி வருகிறது. அரங்கின் மொத்த உறிஞ்சலான A-ஐக் காண, கொள்ளளவையும் நேரத்தையும் சபைன் வாய்பாட்டில் போடுங்கள்:

A = 0.161 × 1440 / 2.4 ≈ 97

அதாவது, இந்தச் சுவர்களும் தரையும் சேர்ந்து உறிஞ்சுவது 97 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். பேச்சுக்கு ஏற்ற 1 வினாடிக்கு 232 தேவை. நூறு பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய 45 கிடைக்கும். மீதி 90-ஐ நாம்தான் கொடுக்க வேண்டும்.

இதனால் என்ன மாறும்? பேச்சின் ஒலி வந்த முதல் 50 மில்லிவினாடிக்குள் வரும் எதிரொலிகள் சொல்லுக்கு வலு சேர்க்கும்; பிந்தி வருபவை அடுத்த அசையை மூடிவிடும். 2.4 வினாடி அரங்கின் பின்வரிசையில் எதிரொலிகளின் ஆற்றலில் நூற்றுக்கு 25 பங்குதான் உதவும் வகை. 1 வினாடியில் அது 50 ஆகிறது.

சுவரில் கார்ப்பெட் ஒட்டலாம் என்ற யோசனை வேண்டாம். மெல்லிய பொருள் உயர் ஒலிகளை மட்டும் தின்னும். 'ச', 'த' மங்கும், கும்மென்ற அடி முழக்கம் அப்படியே நிற்கும். பாறை இழையால் ஆன 50 மில்லிமீட்டர் ராக்வுல் பலகையைத் துணி போர்த்தி, பின்னால் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு 100 சதுர மீட்டருக்குப் பொருத்துங்கள். பின்சுவர்தான் முதல் இடம்: அதில் பட்டு முன்வரிசைக்குத் திரும்பும் ஒலி 50 மில்லிவினாடி எல்லையைத் தாண்டி வெகு தாமதமாக வருகிறது. மீதியைக் கூரையின் பின்பாதியில் பொருத்தலாம். மேடைக்கு மேலுள்ள கூரையைத் தொடாதீர்கள். உதவும் எதிரொலி அங்கிருந்துதான் வருகிறது.

ஆழம் மாறும் மரப்பள்ளங்கள் கொண்ட சிதறடிப்பான்களைப் பக்கச்சுவர்களில் வைத்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தடதடக்கும் எதிரொலி உடையும். ஆனால் அவை ஒலியைப் பரப்புமே தவிர அவ்வளவாக உறிஞ்சாது. அவற்றை மட்டும் வாங்கினால் 2.4 பெரிதாகக் குறையாது.

வேலை முடிந்ததும் அதே இடங்களில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். ஆளில்லா அரங்கில் ஏறக்குறைய 1.25 வினாடி வந்தபின் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒலியியல் துறையில் பணிபுரியும் மன்ற உறுப்பினர்கள்