சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்: அந்த முதல் வரியைத் தூக்கிவிடுங்கள்

வணக்கம்.

போன வருடம் ஆடிக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில், கூழ்ச் சட்டிக்கு அடியில் விரித்திருந்த தாள்களில் ஒன்றை எடுத்துப் படித்தேன். வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தரும் உங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாதிரிக் கடிதம் அது. கடிதங்களை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், இங்கே தமிழில் சொல்கிறேன்: "தங்கள் விளம்பரத்தைக் கண்டு மேற்படி பதவிக்கு மிகுந்த ஆர்வத்துடன் விண்ணப்பிக்கிறேன். நான் கடின உழைப்பாளி, தானாக முன்வந்து செயல்படுபவன், குழுவோடு இணைந்து பணியாற்றக்கூடியவன்." படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. டர்பன் துறைமுகத்துப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் நான் ஷிஃப்ட் மேற்பார்வை பார்க்கிறேன். ஆரஞ்சு சீசனுக்கு ஆள் எடுக்கும்போது வருகிற கடிதங்களை முதலில் பிரித்துப் பார்ப்பது என் வேலை, அதில் இந்த வரியைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது உங்கள் மண்டபத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோபமாக எழுதவில்லை. காசு வாங்காமல் சனிக்கிழமைக் காலையை இந்தப் பிள்ளைகளுக்காக விடுகிறீர்கள், அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் கடிதங்களை வாங்குகிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும்.

மின்னஞ்சல் பெட்டியில் ஒரு கடிதத்தைத் திறக்கும் முன்பே பொருள் வரியும் அதற்கடுத்து ஒன்றரை வரியும் கண்ணில் படும். நாலு இடத்துக்கு அறுபது கடிதம் வந்தால் அந்த ஒன்றரை வரியில் நாற்பது கடிதம் ஒரே மாதிரி இருக்கும். நான் அவற்றை ஒதுக்குவதில்லை, வேகமாகத் தாண்டிப் போய் சிவியைத் திறக்கிறேன், அவ்வளவுதான். சிவியில் "மேட்ரிக் முடித்தவர், சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு வருடம்" என்று இருக்கும், அதுவும் எல்லோரிடமும் இருக்கும். அந்தப் பையனுக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதைச் சொல்ல இருந்த இடத்தைக் "கடின உழைப்பாளி" பிடித்துக்கொண்டது. எந்தப் பதவி, எங்கே விளம்பரம் பார்த்தேன், குறிப்பு எண் என்ன என்பதெல்லாம் பொருள் வரிக்குப் போகட்டும். அங்கே போனால் முதல் வாக்கியம் காலியாகும், அந்த இடத்தைத்தான் நான் கேட்கிறேன்.

சரி, அங்கே என்ன எழுதுவது? பொதுவாகச் சொன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டு மறுபடி அதே தாளைத்தான் நகலெடுப்பீர்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருடம் மார்ச்சில் என் மனைவியின் தூரத்து உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தான், பெயர் வேண்டாம். மேடன் வார்ஃப் பக்கம் வேறொரு கிடங்கில் அனுப்புதல் எழுத்தர் வேலைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றான், சீசன் ஒப்பந்தம், இரவு ஷிஃப்ட். எங்கள் கிடங்கு இல்லை என்பதால்தான் உதவினேன். விளம்பரத்தில் ஒரு வரி: "கன்டெய்னர் ஏற்றும் முன் பழத்தின் உள் வெப்பநிலையை அளந்து பதிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும்." மீதியெல்லாம் எல்லா விளம்பரத்திலும் இருக்கிற சங்கதி, கணினி தெரிய வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும் என்று.

அந்த ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று அவனுக்கு முதலில் விளக்கினேன். குளிர்பதனக் கன்டெய்னர், நாங்கள் ரீஃபர் என்போம், ஏற்கெனவே குளிர்ந்த பழத்தை அதே குளிரில் வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது, சூடான பழத்தைக் குளிர வைக்க அல்ல. ஒரு பேலட் சூடாக உள்ளே போய்விட்டால் கப்பல் பயணம் முழுக்க அந்தச் சூடு தணியாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் ஆரஞ்சுக்குப் பூச்சியைக் காரணம் காட்டிக் குளிரூட்டல் விதியைக் கடுமையாக்கிய பிறகு, ஏற்றும்போது எழுதுகிற அந்த எண்ணுக்கு இன்னும் மதிப்பு கூடிவிட்டது. ஆக அந்த விளம்பரம் போட்டவருக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்றுதான்: ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவன் அளக்காமலேயே நேற்று எழுதிய எண்ணை இன்றும் எழுதிவிடுவானோ என்பது.

அப்புறம் அவனைக் கேட்டேன், நீ சூப்பர்மார்க்கெட்டில் என்னடா செய்தாய்? "ரிசீவிங்கில் நின்றேன் அங்கிள்" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது போல. எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான். அதனால் "என்ன செய்தாய்" என்று கேட்காதீர்கள், "நீ லீவு போட்ட அன்று அங்கே என்ன தப்பாகப் போகும்" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு தயிர் லாரியைப் பற்றிச் சொன்னான். லாரியின் திரையில் 4 டிகிரி காட்டியது. அவன் கதவுப் பக்கம் இருந்த பேலட்டில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 9. திரை காட்டுவது குளிர்க்காற்றின் அளவு, ஏழெட்டுக் கடையில் கதவைத் திறந்து திறந்து வந்த லாரியில் வாசலோரச் சரக்கு பெரும்பாலும் சூடேறித்தான் இருக்கும். கடை விதிப்படி 5-க்கு மேல் கூடாது. சரக்கைத் திருப்பி அனுப்பினான், டிரைவர் கத்தினார், மேனேஜர் வந்து தானே ஒருமுறை அளந்துவிட்டு இவன் பக்கம் நின்றார்.

இதைச் சொல்லிவிட்டு, "இதையெல்லாமா எழுதுவார்கள்?" என்றான். இதைத்தான் எழுதணும் என்றேன்.

அவன் எழுதிய முதல் வரைவு டிரைவர் கத்தியதில் ஆரம்பித்து எட்டு வரி ஓடியது, கதை மாதிரி. இரண்டாவதில் "ரீஃபர் கன்டெய்னர் ஏற்றுவதில் அனுபவம் உண்டு" என்று நுழைத்துவிட்டான். அந்த வரியை அடித்துவிட்டேன், அவன் ரீஃபரைத் தொட்டதே இல்லை, நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான். மூன்றாவதாக இப்படி வந்தது:

"கன்டெய்னர் ஏற்றும் முன் பழத்தின் உள் வெப்பநிலையை அளக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடமாக சூப்பர்மார்க்கெட் சரக்கு வாசலில் குளிர்ச் சரக்கு லாரிகளை அளந்து வாங்கியிருக்கிறேன், லாரித் திரை 4 டிகிரி காட்டியபோது கதவோரப் பேலட்டில் 9 இருப்பதைக் கண்டு ஒரு லோடைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரீஃபர் கன்டெய்னரில் நான் வேலை செய்ததில்லை, அளக்கும் வேலை எனக்குப் புதிதில்லை."

மூன்றே வாக்கியம். முதலாவது அவர்களுடைய வரி, இரண்டாவது இவன் செய்தது, மூன்றாவது இல்லாததை இல்லை என்று ஒத்துக்கொண்டது. கடின உழைப்பாளி என்ற சொல் எங்கும் இல்லை, ஆனால் படிக்கிறவருக்கு அந்த எண்ணம் தானாக வந்துவிடும். இதில் அவன் பெயரை மறைத்து உங்கள் வகுப்பில் வேறொரு பிள்ளையின் பெயரைப் போட்டுப் பாருங்கள், பொருந்தாது. கிடங்கின் பெயரை எடுத்துவிட்டு ஒரு துணிக்கடையின் பெயரைப் போடுங்கள், அதுவும் பொருந்தாது. உங்கள் மாதிரித் தாளில் இந்த இரண்டையும் செய்து பாருங்கள், எதுவுமே ஆகாது, அப்படியே ஒட்டிக்கொள்ளும். எனக்கு இருக்கும் ஒரே குறை அதுதான்.

நேர்காணலில் முதல் கேள்வியே "பேலட்டில் எந்த இடத்தில் அளந்தாய்?" என்பதுதானாம். இப்போது அங்கேதான் ராத்திரி வேலை பார்க்கிறான், பாதம் விறைக்கிறது என்று வாரம் ஒருமுறை என்னிடம் புலம்புகிறான்.

வேலைக்கே போகாத, மேட்ரிக் மட்டும் முடித்த பிள்ளை என்ன எழுதும் என்று நீங்கள் கேட்பீர்கள். தைப்பூசக் காவடிக்குக் கோயில் சமையலறையில் அரிசியும் பருப்பும் கணக்கு வைத்த பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். ஸ்டோர் எழுத்தர் வேலைக்கு அது நல்ல முதல் வரி, எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மீந்தது, கணக்கு எங்கே உதைத்தது என்று அவளால் சொல்ல முடியும். அதே கதையைக் கால் சென்டர் வேலைக்குக் கொண்டுபோனால் வெறும் பக்திக் கதைதான். விளம்பரத்தில் கொக்கி இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும், அதற்கப்புறம்தான் பிள்ளையின் பையில் கை விடணும்.

இணையதளத்தைப் பார்த்து "உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தின் உயர்ந்த நோக்கம்" என்று ஆரம்பிக்கச் சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அது பழைய வரியைவிட மோசம், நான் எழுதாத புகழை எனக்கே வாசித்துக் காட்டுகிறார்கள். ஏஜென்சி விளம்பரங்களில் நிறுவனத்தின் பெயரே இருக்காது, அப்போது வேலை விவரத்தில் உள்ள ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று, அரசாங்க வேலைக்கு இதெல்லாம் அவ்வளவு உதவாது. அங்கே Z83 படிவம்தான் முதலில். அதை முழுக்க நிரப்பிக் கையெழுத்துப் போடாமல் அனுப்பினால் எவ்வளவு நல்ல கடிதமும் நிற்காது. அந்தப் பிள்ளைகளுக்குப் படிவத்தை நிரப்பத்தான் முதலில் சொல்லித் தாருங்கள், கடிதம் அப்புறம்.

ஒரு பிள்ளைக்கு இப்படி உட்கார்ந்து கேட்க அரை மணி நேரம் பிடிக்கும், அதுவும் எனக்குத் தெரியும். வகுப்பில் இருபது பேர் இருந்தால் ஒரு காலையில் முடியாது. அவர்களையே இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, விளம்பரத்தில் ஒரு வரிக்குக் கீழே கோடு போடச் சொல்லி, "நீ வராத அன்று என்ன தப்பாகும்" என்று ஒருவரையொருவர் கேட்கச் சொல்லிப் பாருங்கள். சீசன் அக்டோபரில் முடிகிறது, அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நானும் வருகிறேன். மாதிரித் தாள் கட்டுக் கட்டாக மீந்திருக்கும், தூக்கிப் போட வேண்டாம், பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் அதில் எழுதிப் பழகட்டும்.