எங்கள் அடிபம்பை மீண்டும் மாற்றுவதற்கு முன்: ஊராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பழனி மலையின் மேல்மலையில், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள நம் சிற்றூரின் கிணற்று அடிபம்பு இந்த ஏப்ரலிலும் நின்றுவிட்டது. போன ஆண்டு வாஷரையும், பிறகு ஃபுட் வால்வையும் மாற்றினோம்; ஐப்பசி மழைக்குப் பின் தண்ணீர் வந்ததால் பழுது நீங்கிவிட்டது என்று நம்பினோம். இப்போது பெரிய கைப்பிடியுள்ள புதிய பம்பு வாங்கத் தீர்மானம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டே இந்த மடலை எழுதுகிறேன். பழுது பம்பில் இல்லை.

சென்ற வாரம் கிணற்று மூடியைத் திறந்து, கல் கட்டிய கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு இறக்கினேன். பம்பின் சிலிண்டரிலிருந்து தண்ணீர் மட்டம் வரை 24 முடிச்சுகள் இருந்தன. மார்கழியில் இதே அளவு 14 அடிதான். பிறகு ஒரு குடம் தண்ணீரைப் பம்பின் தலையில் ஊற்றிப் பார்த்தேன். அது கீழே கசியாமல் அப்படியே நின்றது, ஆகவே வாஷர் நன்றாக இருக்கிறது. கைப்பிடியை அழுத்தியபோது வழக்கத்தைவிடக் கனமாக இறங்கியது. கையை எடுத்ததும் யாரோ பிடித்து இழுத்ததுபோல் தானாகவே மேலே திரும்பியது. குழாயில் எங்காவது காற்று நுழைந்தால் கைப்பிடி லேசாக ஆடும். இப்படிக் கனத்துத் திரும்பினால், உள்ளே வெற்றிடம் உண்டாகியும் தண்ணீர் அதை எட்டவில்லை என்று பொருள்.

ஏன் எட்டவில்லை? அடிபம்பு தண்ணீரை இழுப்பதில்லை. நாம் கைப்பிடியை அழுத்தும்போது பிஸ்டன் மேலே சென்று குழாய்க்குள் உள்ள காற்றைக் குறைக்கிறது. அப்போது கிணற்றுத் தண்ணீரின் மேல் அமர்ந்திருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. அதே பரப்பில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அதன் எடையும் ஒரு கிலோதான். இரண்டும் சமமானதும் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது. கைப்பிடி எவ்வளவு நீளமானாலும், குழாய் எவ்வளவு அகலமானாலும், அடிப்பவர் எவ்வளவு வலிமையானவரானாலும் ஏறாது. துல்லியமாகச் சொன்னால் இந்த எல்லை 10.3 மீட்டர், அதாவது 34 அடி.

அது சமவெளிக் கணக்கு. பம்பு பொருத்திய மிஸ்திரி, "வத்தலக்குண்டில் இதே பம்பு 24 அடியில் தண்ணீர் கொடுக்குதுங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 1648-இல் பிரான்சில் அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, காற்றழுத்தத்தைக் காட்டும் பாதரசக் குழாயோடு புய் டி டோம் மலையில் ஏறியபோது, உச்சியில் பாதரச மட்டம் சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்ததைக் கண்டார். நம் உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 78 விழுக்காடுதான். ஆகவே எல்லை 34 அடியிலிருந்து 26 அடி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதுவும் குறையில்லாத பம்புக்கான அளவு. வாஷரின் சிறு கசிவும், குழாயின் உராய்வும், குறைந்த அழுத்தத்தில் தண்ணீரிலிருந்து பிரியும் ஆவியும் காற்றும் சேர்ந்து ஐந்தாறு அடியை எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது ஏறக்குறைய 20 அடி. மார்கழியின் 14 அடி அதற்குள் அடங்கியது. ஏப்ரலின் 24 அடி அடங்கவில்லை.

ஆகவே புதிய பம்பு வாங்கினாலும் அடுத்த கோடையில் பெண்கள் குடத்தோடு ஓடைக்குத்தான் இறங்குவார்கள். கிணற்று மேட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் இதே எல்லைதான். செய்யவேண்டியது, சிலிண்டரைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கி, அதன் பிஸ்டனைக் கம்பியால் மேலே உள்ள கைப்பிடியோடு இணைப்பது. இந்தியா மார்க் 2 பம்பு இப்படித்தான் இயங்குகிறது. அப்போது பிஸ்டன் தன் மேல் நிற்கும் தண்ணீரைத் தூக்குகிறது. அங்கே எல்லை காற்றழுத்தம் அல்ல, கைவலிமையும் கம்பியின் உறுதியும்தான். இதில் செலவு கூடும் என்பதையும், வாஷர் மாற்றக் கம்பிகளையும் குழாய்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கவேண்டும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மதிப்பீட்டில் கோடைகாலத் தண்ணீர் மட்டத்தைக் கட்டாயம் குறிக்குமாறும், சிலிண்டர் அதற்குச் சில அடிகள் கீழே அமையுமாறும் தீர்மானத்தைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிச்சுப் போட்ட கயிற்றை அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். உறுப்பினர்கள் முன்னிலையிலேயே மீண்டும் ஒருமுறை அளந்துவிடலாம்.

இப்படிக்கு,
அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்