வெள்ளத்தில் அழிந்த துணிச் சரக்கின் பெறுமதி தொடர்பான விளக்கமும் முறைப்பாடும்

முகாமையாளர், உரிமைகோரல் பிரிவு அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

2024 நவம்பர் பிற்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டத்தில் பெய்த கனமழையின்போது களுவாஞ்சிக்குடியிலுள்ள எனது துணிக்கடைக்குள் வெள்ளம் புகுந்தது. அதற்கான இழப்பீட்டுக் கோரிக்கையில் நான் குறிப்பிட்ட தொகையை உங்கள் இழப்பு மதிப்பீட்டாளர் சந்தேகிப்பதாக அனுப்பிய கடிதம் கிடைத்தது. பெறுமதியைக் கேள்வி கேட்பது அவருடைய கடமை என்பதை ஏற்றுக்கொண்டே இப்பதிலை எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத் தவறைச் சொல்லிவிடுகிறேன். முதற்படிவத்தில் சேதமடைந்த சரக்கு சுமார் 25 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா என எழுதியிருந்தேன். அது விற்பனை விலை. எனது காப்புறுதிப் பத்திரம் சரக்குக்குக் கொள்வனவு விலையையே ஈடுசெய்யும் என்பதைப் பின்னர் வாசித்தறிந்து, திருத்திய தொகையை எழுத்தில் உங்கள் மட்டக்களப்புக் கிளையிடம் ஒப்படைத்தேன். விற்பனை விலைக்கும் கொள்வனவு விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, இந்தப் பத்திரத்தை எனக்கு விற்ற நிறுவனம் அறியாதிருக்க முடியாது. ஆயினும் மதிப்பீட்டாளர் இத்திருத்தத்தையே மோசடிக்குச் சான்றாகக் காட்டுகிறார்.

அவர் சரக்கின் பெறுமதியாக எடுத்துக்கொண்டது, 2024 மார்ச் 31 ஆம் திகதிக் கணக்கெடுப்பிலுள்ள 18 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவை. வெள்ளம் வந்தது அதற்கு எட்டு மாதங்களின் பின்னர். அக்காலத்தில் 43 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாவுக்குச் சரக்கு வாங்கினேன். அதில் 6 இலட்சத்து 20 ஆயிரம் நத்தாருக்கும் பொங்கலுக்குமென நவம்பர் 18 அன்று இறங்கியது. விற்பனை 49 இலட்சம். எனது கடையில் நூறு ரூபா விற்றால் இருபத்தைந்து ரூபா இலாபம் என்பதை முந்திய இரண்டு வருடக் கணக்குகள் காட்டுகின்றன. ஆகவே விற்றுப்போன சரக்கின் கொள்வனவு விலை 36 இலட்சத்து 75 ஆயிரம். தொடக்க இருப்போடு கொள்வனவைக் கூட்டி இதைக் கழித்தால், வெள்ளத்தன்று கடையில் இருந்தது 24 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாச் சரக்கு. காப்புறுதித் தொகை 25 இலட்சமாகையால், குறைவாகக் காப்புறுதி செய்ததாகக் கூறி விகிதப்படி வெட்டுவதற்கும் இடமில்லை.

"இவ்வளவு துணி இந்தக் கடைக்குள் எப்படி அடங்கும்? நனைந்துபோன பில்லைக் காட்டி யாரும் எதையும் சொல்லலாம்" என்று, எனது மகனும் இரண்டு வாடிக்கையாளர்களும் நிற்கும்போதே அவர் கூறினார். தட்டுகளை அளந்து பார்க்க அவருக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது, அளக்கவில்லை. பில்கள் நனைந்தது உண்மையே. அதனால்தான் கொழும்பு மொத்த வியாபாரிகளிடமிருந்து பிரதிகளைப் பெற்று, காசோலைகள் மாறிய வங்கிக் கூற்றையும் இணைத்தேன். அவற்றை நேரில் தரும்படி தலைமை அலுவலகத்துக்கு அழைத்தீர்கள். இரவு பஸ்ஸில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்த எனக்குக் கிடைத்த பதில், "உங்கள் கோப்பு மட்டக்களப்பில் இருக்கிறது" என்பது. அன்று அந்த வாசலில் நின்றதை நான் இலகுவில் மறக்கப்போவதில்லை.

கணக்கின் மிச்சத்துக்கு வருகிறேன். மேல் தட்டுகளில் நனையாமல் தப்பியது 5 இலட்சத்து 60 ஆயிரம். சேதமானது 19 இலட்சத்து 15 ஆயிரம். நனைந்ததைக் கழிவு விலைக்கு விற்றதில் கிடைத்த 2 இலட்சத்து 15 ஆயிரத்தைக் கழித்தே 17 இலட்சம் கோருகிறேன். பரிசோதனை முடியும்வரை தொட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் பத்தொன்பது நாட்கள் ஈரத் துணி அடுக்கிலேயே பூஞ்சணம் பிடித்தது. உடனே உலர்த்தியிருந்தால் கழிவு விலையும் கூடியிருக்கும், உங்கள் செலவும் குறைந்திருக்கும். பொங்கல் வியாபாரத்தோடு பத்து வருட வாடிக்கையாளர் அத்தனை பேரும் போய்விட்டார்கள். அதைப் பத்திரம் ஈடுசெய்யாது என்பதும் தெரியும்.

எனது கணக்கில் நியாயமாக விவாதிக்கக்கூடிய இடம் இலாப விகிதம் ஒன்றே. அது இருபத்தைந்து அல்ல, இருபத்துமூன்று என்று அவர் நிறுவினால் கோரிக்கை 98 ஆயிரம் ரூபாவால் குறையும். அதை ஏற்கத் தயாராக இருக்கிறேன். மார்ச் மாத இருப்பை நவம்பர் இருப்பாக எடுத்து 6 இலட்சத்து 35 ஆயிரத்தை வெட்டுவதை ஏற்க முடியாது.

ஆகவே, எந்த பில்லை, எந்த எண்ணை, எக்காரணத்தால் நிராகரிக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தருமாறும், அவருடைய கணக்கின்படியே சர்ச்சையற்ற 10 இலட்சத்து 65 ஆயிரம் ரூபாவை இடைக்காலக் கொடுப்பனவாக உடனே வழங்குமாறும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். கடையை மீண்டும் அளக்க வேண்டுமாயின் வேறொருவரை அனுப்புங்கள். நானே தட்டுகளைத் திறந்து காட்டுவேன். பதினான்கு நாட்களுக்குள் எழுத்திலான பதில் கிடைக்காவிடின், இதே ஆவணங்களுடன் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடுவேன். மீண்டும் கொழும்புக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
காப்புறுதிதாரர்,
களுவாஞ்சிக்குடி