தெருவிளக்குக் கணக்கு: பகுதி சபா கூட்டத்துக்கு முன்

அனைவருக்கும் வணக்கம். "விளக்கு எரியலை, நிதி ஒதுக்குங்க" என்று மட்டும் கேட்டால் நகராட்சியில் "பார்க்கலாம்" என்பார்கள். எண்ணிக்கையும் விலையும் போட்டுக் கொடுப்போம்.

நம் வார்டில் 60 எல்இடி விளக்கு என்று வையுங்கள். அட்டையில் 50,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால் அது 11 ஆண்டு. ஆனால் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற பாகம் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பாலும் முதலில் போய்விடும். ஐந்தாம் ஆண்டில் டிரைவர், பத்தாம் ஆண்டில் முழு விளக்கு என்று சுழற்சி வைத்தால், ஆண்டுக்குச் சராசரி 6 டிரைவர், 6 விளக்கு. கூலியோடு டிரைவர் ரூ.800, விளக்கு ரூ.2,500 என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன்: 4,800 + 15,000 = ரூ.19,800. நகராட்சி விலைப்பட்டியல் கிடைத்ததும் விலையை மட்டும் மாற்றினால் போதும்.

இந்தச் சராசரியில் ஒரு சிக்கல். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாட்டியிருந்தால் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். அந்த ஆண்டுக்கு இந்தத் தொகை காணாது. அதனால் மாட்டிய ஆண்டு கட்டாயம் வேண்டும். உத்தரவாதக் காலத்தில் இருப்பவற்றுக்கு நாம் செலவே காட்டக் கூடாது.

அப்புறம், தெரு முழுக்க இருட்டானால் விளக்கைக் குறை சொல்லாதீர்கள். தெருவிளக்கு சுவிட்ச் பெட்டியில் பியூஸோ டைமரோ போயிருக்கலாம். அதைத் தனியாக எழுதுங்கள்.

கம்பம் எண், மாட்டிய ஆண்டு, என்ன கோளாறு: மூன்றையும் ஞாயிறு இரவுக்குள் இங்கே போடுங்கள்.